ஒரு இலக்கம் மாறினால்

வாடகைப் பணம் 18,000 ரூபாயை ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பினார் என் மைத்துனர். கணக்கு எண்ணின் கடைசியில் 69-க்குப் பதில் 96. வீட்டுக்காரர் பெயரைச் சரியாகத்தான் போட்டிருந்தார். ஆனால் பணம் போய்ச் சேருவது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பியிருக்கும். இருந்து தொலைத்தது!

அன்றே தன் வங்கிக் கிளைக்குப் போய், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, தொகை, சரியான எண், தவறான எண் எல்லாம் எழுதிக் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொண்டார். அவர் வங்கி எதிர் வங்கிக்கு எழுதும். அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் கேட்கும். அவர் சம்மதிக்காமல் பணத்தை எடுக்க முடியாது. முழு விஷயமும் இங்கேதான் தொங்குகிறது. அவருடைய பெயரோ போன் நம்பரோ நமக்குத் தர மாட்டார்கள்.

மைத்துனருக்குப் பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. மறுத்திருந்தால் வக்கீல் நோட்டீஸ், போலீஸ் புகார், சிவில் வழக்குதான். வங்கி 30 நாள் பதிலே சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். ஆனால் அவர் வங்கியின் மெத்தனத்தைத்தான் விசாரிப்பார். நம் விரல் செய்த தவறை அல்ல.

இப்போதெல்லாம் மைத்துனர் புதுக் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துச்சா?" என்று போன் போட்டுக் கேட்கிறார்.