‘கம்பத்தே’ சொன்னால் ‘கம்பரிமாஸ்’

ஜப்பானில் பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வு, ஜனவரி நடுவில் ஒரு சனி, ஞாயிறில் நடக்கிறது. ஏறக்குறைய 5 லட்சம் பேர் எழுதுகிறார்கள். அன்று காலை அவர்கள் வீட்டுப் படியிறங்கும்போது காதில் விழும் சொல் ‘கம்பத்தே’.

நம் ஊரில் ‘நல்லா எழுது’ என்று சொல்லும் இடத்தில் வரும் சொல்தான். ஆனால் பொருள் அதுவல்ல. விடாமல் முயல்வது, தாக்குப்பிடிப்பது என்று பொருள்படும் ‘கம்பரு’ என்ற வினையிலிருந்து அது வருகிறது. அதிர்ஷ்டத்துக்கு அதில் இடமே இல்லை. எடோ காலத்தில் (1603–1868) அந்த வினைக்குப் பிடிவாதம், இருந்த இடத்தை விட்டு அசையாமை என்ற சாயல்கள் இருந்தன. பின்னாளில்தான் அது பாராட்டுக்குரிய குணமாயிற்று. இன்றும் அதை எழுதும்போது வரும் முதல் எழுத்துக்குப் பிடிவாதம் என்றும், அடுத்ததற்கு இழுத்து விறைப்பாக்குதல் என்றும் பொருள்.

சொல்லைவிட அதற்கான பதிலில்தான் சிக்கல் இருக்கிறது. ‘கம்பத்தே’ என்றால் ‘கம்பரிமாஸ்’, அதாவது ‘விடாமல் முயல்வேன்’ என்று சொல்வதே வழக்கம். வாழ்த்துக்கு நன்றி சொன்னால் பேச்சு முடிந்துவிடும். இங்கே பதிலே ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது.

முதல் முறை இடம் கிடைக்காமல், இன்னோர் ஆண்டு படித்துவிட்டு மறுபடி எழுதப்போகும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்களை, எசமானனை இழந்த சாமுராயின் பெயரால் ‘ரோனின்’ என்பார்கள். இரண்டு வாரமாக அவனுக்குத் தூக்கம் சரியில்லை. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். தேர்வுக்கு முந்தைய நாள் அம்மா, பயிற்சிப் பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ‘கம்பத்தே’ சொல்கிறார்கள். அவனிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதைத்தான் மூன்று பேருக்கும் வாக்குக் கொடுக்கிறான். ‘முடியவில்லை’ என்று சொல்ல அந்த உரையாடலில் இடமில்லை. தோற்றால் முயற்சி போதவில்லை என்றுதான் அர்த்தம் என்பதும் அவனுக்குத் தெரியும். நான்கு மணி நேரம் தூங்கினால் தேர்ச்சி, ஐந்து மணி நேரம் தூங்கினால் தோல்வி என்று பொருள்படும் பழைய சொல்வழக்கே அங்கே உண்டு.

மனச்சோர்வு நோயில் இருப்பவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்ற அறிவுரை ஜப்பானில் பரவலாகக் கேட்பதுதான். முயலும் திறனையே நோய் பறித்திருக்கும்போது, முயலச் சொல்வது குற்றம் சாட்டுவதுபோல் கேட்கும். அதற்காக எல்லாருக்கும் அது பாரமில்லை. நன்றாகத் தூங்கித் தெம்பாக இருப்பவருக்கு அது வழியனுப்பும் சொல், அவ்வளவே. ‘கம்பரிமாஸ்’ வரவரச் சுருங்கி, முகம் பார்க்காமல் வரத் தொடங்கினால் கவனிக்க வேண்டும்.

மாற்றுச் சொற்களும் அதே மொழியில் உண்டு. ‘இட்சுமோ தோரி தே’ என்றால் ‘எப்போதும்போல எழுது’. ‘முரி ஷினைதே’ என்றால் ‘உடம்பை வருத்திக்கொள்ளாதே’. வினையைக்கூட மாற்ற வேண்டாம், விகுதியை மாற்றினால் போதும்: ‘கம்பத்தேரு நே’, ‘ஏற்கெனவே முயன்றுகொண்டுதானே இருக்கிறாய்’. இதற்கு எந்த வாக்குறுதியும் பதிலாகத் தேவையில்லை.