பீரோ சாவி யாரிடம்?

1991-ல் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் காட்டியது ஒரு பச்சை இரும்பு பீரோ. சாவி ஹெட் கிளார்க்கின் மேஜை டிராயரில், அவருடைய டிபன் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அது அங்கே இருப்பது டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

பீரோவுக்குள் டோக்கன் நம்பர் வரிசையில் ஃபைல்கள். ஒரு ஃபைலைத் திறந்தால் அந்த ஆளின் வாழ்க்கையே ஒரே டேகில் கோத்துக் கிடக்கும். மேலே வேலை விண்ணப்பம், அடுத்து பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டாக்டரின் தகுதிச் சான்று, பி.எஃப் நாமினேஷன். அதற்குக் கீழே ஷிஃப்டில் தூங்கியதற்கான மெமோவும், 'இனி இவ்வாறு நடக்காது' என்று அவர் எழுதிக்கொடுத்த கடிதமும். அட்வான்ஸ் கேட்டு எழுதிய மனுக்களில் காரணமும் இருக்கும்: மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், தம்பி குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் ஜாமீன் செலவு. லீவு பாக்கி பார்க்க ஃபைலை எடுத்தவர், வேண்டாமென்று நினைத்தாலும் இதையெல்லாம் புரட்டித்தான் ஆகவேண்டும். டேக் ஒன்றுதானே.

யார் பார்க்கலாம் என்று எங்கும் எழுதிவைத்ததில்லை. ஃபோர்மேன் கேட்டால் கொடுப்போம், கூட்டுறவு சங்கச் செயலாளர் கேட்டாலும் கொடுப்போம். கல்யாண சீசனில் பெண் வீட்டார் சார்பில் வெள்ளை வேட்டியில் ஒருவர் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "பையனுக்குக் கைக்கு எவ்வளவுங்க வருது? கடன் கிடன் பிடிப்பு இருக்குதுங்களா?" என்பார். ஹெட் கிளார்க் ஃபைலைப் பார்த்தே பதில் சொல்வார். அதில் அவருக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு. எனக்கும் அப்போது அது தவறாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? அதற்கும் விதி கிடையாது. இடம் தீரும்வரை, அல்லது கரையான் வரும்வரை.

எங்களுக்குத் தெரிந்து விதி இருந்தது சம்பள ரெஜிஸ்டருக்கு மட்டும். சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அவற்றைக் கடைசிப் பதிவிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. 2006-ல் ஆபீஸ் மாடிக்கு மாறியபோது அந்த 3 ஆண்டைக் கணக்குப் போட்டவன் நான்தான். 2002-க்கு முந்தைய ரெஜிஸ்டர்களையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன். சட்டம் தெரிந்து செய்தேன் என்ற பெருமை வேறு.

அந்தப் பெருமை 2023-ல் போனது. 2016-ல் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் கையில் மஞ்சள் பையோடு வந்தார். முந்தைய ஆண்டு நவம்பர் 4-ல், முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்பவர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகும் பணியில் இருந்தவர்களுக்கு விருப்பம் தெரிவிக்க இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அவர் விண்ணப்பித்துவிட்டார். அடுத்து நிறுவனம் அவருடைய சம்பள விவரத்தை மாதவாரியாக ஏற்ற வேண்டும். பென்ஷன் திட்டம் தொடங்கிய 1995 நவம்பரிலிருந்து.

"உங்ககிட்ட இல்லாம வேற யாருகிட்டங்க இருக்கும்?" என்றார். அந்த ரெஜிஸ்டர்களை நான் கிலோ கணக்கில் விற்றுவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

காப்பாற்றியது எங்கள் சோம்பல்தான். பி.எஃப் கட்டு தனியாக ஒரு மர அலமாரியில் இருந்தது. அதைக் கழிக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் யாரும் கழிக்கவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்றாக அந்தக் காலத்தில் 3ஏ என்று ஒரு படிவம் போடுவோம். மாதச் சம்பளம், தொழிலாளியின் பங்கு, பென்ஷனுக்குப் போன பங்கு எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். 2012 ஏப்ரலிலிருந்து கணக்கு மின்னணுவுக்குப் போய்விட்டதால், எங்களுக்கு வேண்டியது 1995-96 முதல் 2011-12 வரை 17 படிவங்கள்.

2005-ல் ஒரு மாதத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 9,600. அவர் பங்கு 12 சதவீதம், 1,152. நிறுவனமும் அதே 1,152 போடும், ஆனால் அதில் பென்ஷனுக்குப் போனது 541-தான். 541 என்ற எண்ணைப் பார்த்ததுமே பி.எஃப் வேலை பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அன்றைய உச்சவரம்பு 6,500, அதில் 8.33 சதவீதம் 541. முழுச் சம்பளத்துக்குப் பிடித்திருந்தால் 800 போயிருக்கும். இந்த 259 ரூபாய் வித்தியாசத்தை மாதாமாதம் காட்ட வேண்டியிருந்தது. சம்பளம் எவ்வளவு என்பதற்குச் சான்று இல்லாமல் காட்ட முடியாது.

17-ல் 15 கிடைத்தன. 1998-99-ம் 2003-04-ம் இல்லை. இரண்டு வாரம் கழித்து அவரே அந்த ஆண்டுகளின் இன்கிரிமென்ட் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் கொண்டுவந்தார். வீட்டு டிரங்குப் பெட்டியில், மகள் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருந்ததாம். நிறுவனங்களுக்குக் கெடு பலமுறை நீண்டு 2025 ஜனவரி 31 வரை போனது. நாங்கள் 2024-ல் ஏற்றி முடித்தோம்.

இப்போது நான் ஆலோசகர் என்ற பெயரில் வாரம் இரண்டு நாள் போகிறேன். பர்சனல் டிபார்ட்மென்ட் ஹெச்.ஆர். ஆகி வெகு காலமாகிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதற்குள் பணியாளர்களுக்கு ஒரு தனியுரிமை அறிவிப்பு எழுத வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

முதலில் வந்த மாதிரியில் கடைசி வரி: 'மேற்கண்ட அனைத்துக்கும் சம்மதிக்கிறேன்.' அதை அடித்தேன். வேலை தொடர்பான தேவைக்குத் தரவைப் பயன்படுத்த இந்தச் சட்டத்தில் தனியாக வழி இருக்கிறது, சம்மதம் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்பார். பி.எஃப் பிடிப்பை நிறுத்திவிட முடியுமா? ஆகவே அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்கட்டும் என்றேன். கல்யாண நாள் வாழ்த்துக்காகப் படம் எடுத்துப் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் தனித்தாளில் சம்மதம். அதைத் தமிழிலும் கொடுக்கச் சட்டமே சொல்கிறது. அறிவிப்பையும் சேர்த்துத் தமிழில் போட்டோம்.

அடுத்து வந்தது காலம். மாதிரியில் 'ஆவணங்கள் 7 ஆண்டு' என்று ஒரே வரி இருந்தது. அந்த வரிதான் எனக்குப் பயம். 7 ஆண்டு எப்போதிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்தா, விலகிய நாளிலிருந்தா, தாள் எழுதிய நாளிலிருந்தா? எல்லாத் தாளுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. வேலை கேட்டு வந்து கிடைக்காமல் போனவரின் விண்ணப்பத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க எங்களுக்குக் காரணமில்லை. எச்சரிக்கை மெமோவுக்கு 3 ஆண்டு என்று வைத்தோம், அதற்குள் அடுத்தது வராவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஆனால் ஃபவுண்டரியில் மணல் தூசியில் நின்றவரின் மருத்துவப் பதிவு அப்படியல்ல. நுரையீரலில் படிந்த தூசி நோயாகத் தெரிய இருபது ஆண்டுகூட ஆகும். அபாயகரமான வேலை செய்பவர்களின் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது விலகியபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைக்கச் சொல்கின்றன தொழிற்சாலை விதிகள். 2000-ல் சேர்ந்து 2030-ல் ஓய்வு பெறுபவருக்கு முதல் கணக்கு 2040-லும் இரண்டாவது 2045-லும் முடியும். 2045 வரை வைக்க வேண்டும். விலகிய நாளிலிருந்து '7 ஆண்டு' என்று எழுதியிருந்தால்கூட இவருடைய எக்ஸ்-ரே 2037-ல் அழிந்துவிடும்.

யார் பார்க்கலாம் என்ற பகுதியில் 'அங்கீகரிக்கப்பட்ட நபர்கள்' என்று இருந்தது. டிபன் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த சாவிதான் இது, பெயர்தான் வேறு. அதைப் பிரித்து எழுதவே ஒரு மாதம் ஆனது. சூப்பர்வைசருக்கு வருகையும் லீவும் தெரியும். மருத்துவத்தில் அவருக்குத் தெரிவது 'தகுதி' அல்லது 'தகுதியில்லை' என்ற ஒரு சொல், நோயின் பெயர் தெரியாது. அது ஆலை மருத்துவரோடு நின்றுவிடும். பாலியல் புகார் விசாரணைத் தாள்கள் பணியாளர் ஃபைலுக்குள்ளேயே வராது, உள்ளகப் புகார்க் குழுவின் பூட்டுக்குள் இருக்கும். கணினிப் பிரிவு ஆள் நினைத்தால் எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதையும் எழுதச் சொன்னேன். முதலில் மறுத்தார்கள். உண்மைதானே என்றேன்.

எழுதிவிட்டால் முடிந்துவிடாது. சம்பளப் பிரிவிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாறிய ஒருவருக்குப் பழைய அனுமதி 7 மாதம் அப்படியே இருந்தது. அவர் தப்பாக எதுவும் பார்க்கவில்லை, அவருக்கே தெரியாது. காலாண்டுக்கு ஒருமுறை அனுமதிப் பட்டியலையும் இன்றைய பதவிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மாட்டியது. இதைவிட மோசமானது எக்செல். மென்பொருளுக்குள் ஆயிரம் பூட்டு போட்டிருப்போம், ஒருவர் மொத்தச் சம்பளத்தையும் இறக்கி மெயிலில் அனுப்பிவிடுவார். அந்தப் பிரதிக்கு ஆயுளும் இல்லை, பூட்டும் இல்லை. இப்போது யார் எதை எப்போது இறக்கினார் என்ற பதிவு ஓடுகிறது, ஓராண்டாவது அதை வைத்திருக்க வேண்டும். அதைத் திங்கட்கிழமை காலை நான் பார்க்கிறேன்.

பச்சை பீரோ இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தாளாகவே கிடக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. ஸ்கேன் செய்தால் அந்த நிமிடமே தொட்டுவிடும். ஸ்கேன் செய்ய வந்த பையன் முதல் ஃபைலின் டேகை அவிழ்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே பி.டி.எஃப்-ஆ போட்டுரட்டுங்களா சார்?" என்றான்.

வேண்டாம் தம்பி என்று சொல்லி, ஐந்து தட்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன்.