வயலுக்குள் ஓர் அடிக் குழாய்

நடவு வயலில் தண்ணீர் மறைந்து சேறு தெரிந்தால் விவசாயிக்கு மனசு கேட்காது. உடனே மோட்டாரைப் போட்டுவிடுவார். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது நம் கண்ணுக்குப் பழகிய காட்சி. ஆனால் பயிர் தண்ணீர் குடிப்பது மண்ணுக்குக் கீழே இருக்கும் வேரால். மேலே சேறு தெரியும் நாளில் வேர்ப்பகுதி நன்றாக நனைந்தே இருக்கும். அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொன்னது இதைத்தான். ஒரு முறை பாய்ச்சி, அது வடிந்து மண் சற்றுக் காய்ந்த பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். எத்தனை நாள் காயவிடுவது என்பதுதான் சிக்கல். ஒருநாள் தவறினால் பயிர் வாடிவிடுமோ என்ற பயம் வரும். அந்தப் பயத்தைப் போக்க பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஓர் எளிய வழியைப் பரப்பியது. வயலில் ஒரு குழாயைப் புதைத்து, மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே அந்த வழி.

இதற்கு ஓர் அடி நீளமும் ஆறு அங்குல அகலமும் உள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும், ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில், சிறு துளைகள் போட வேண்டும். துளையுள்ள பாதி மண்ணுக்குள்ளும் துளையில்லாத பாதி வெளியிலும் இருக்கும்படி சேற்றில் அழுத்த வேண்டும். பிறகு குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை கையால் அள்ளி எடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த வேலையைத்தான். சேற்றை எடுக்காவிட்டால் குழாய் எதையும் காட்டாது.

வரப்பை ஒட்டிப் புதைக்கக் கூடாது. வரப்போரம் தண்ணீர் கசியும் என்பதால் அங்கே மட்டம் தவறாகத் தெரியும். மூன்று நான்கு அடி உள்ளே, ஆனால் எட்டிப் பார்க்க வசதியான இடத்தில் வைக்கலாம். மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், வயலின் நடுத்தரமான மட்டத்தில் அந்த இடம் இருக்க வேண்டும். புதைத்ததும் தண்ணீர் பாய்ச்சிச் சோதித்துப் பாருங்கள். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் சரி. உள்ளே தாழ்ந்தோ உயர்ந்தோ நின்றால் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறது. குழாயைப் பிடுங்கி, கழுவி, மறுபடி வைக்க வேண்டும்.

இனி கணக்கு எளிது. இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். தினமும் காலையில் குழாய்க்குள் பாருங்கள். முதலில் வயலின் மேலே தண்ணீர் மறையும். அப்போதும் குழாய்க்குள் தண்ணீர் தெரியும். பின்பு அது மெல்ல இறங்கிக்கொண்டே போகும். மண் மட்டத்திலிருந்து அரை அடி கீழே போனதும், அதாவது குழாயின் அடிமண் தெரிந்ததும், மறுபடி இரண்டு அங்குலம் கட்டலாம். நெல்வேரில் பெரும்பகுதி மேல் முக்கால் அடி மண்ணுக்குள் பரவியிருக்கும். கீழே நிற்கும் நீரின் ஈரம் மண் வழியாக மேலேறி வேரை எட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அரை அடி வரை இறங்குவதால் விளைச்சல் குறைவதில்லை.

ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டார் வினாடிக்கு 10 லிட்டர் இறைத்தால் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பாய்ச்சுபவருக்கு 30 நாளில் 10 பாய்ச்சல், 55 மணி நேரம். குழாயைப் பார்த்துப் பாய்ச்சும்போது அந்த மண்ணில் ஆறு நாளுக்கு ஒருமுறை போதும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாய்ச்சல்தான் ஆகும். ஆனால் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிடாது. வடிந்த மண்ணை முதலில் நிரப்பிய பிறகுதான் மேலே இரண்டு அங்குலம் நிற்கும். ஒவ்வொரு முறையும் 8 மணி நேரம் ஓடினால் மொத்தம் 40 மணி. மிச்சம் 15 மணி நேர நீர், கால் பங்குக்கும் சற்று அதிகம். டீசல் இன்ஜின் வைத்திருப்பவருக்கு இது கைக்காசு. இலவச மின்சாரம் உள்ளவருக்குக் கோடையில் போர்வெல்லில் தங்கும் நீர்.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் ஓர் அங்குலம் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும். நாற்று வேர் பிடிக்கவும் களை முளைக்காமல் அடங்கவும் அது உதவும். களை அதிகம் வரும் வயலென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். பிறகு தூர் கட்டும் காலம் முழுவதும் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யலாம். பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூ முடிந்து ஒரு வாரம் வரை தண்ணீர் கட்டாயம் நிற்க வேண்டும். இந்த நாட்களில் காய்ந்தால் மணி பிடிக்காமல் பதராகப் போகும். 110 நாள் ஆடுதுறை 43 போன்ற ரகத்தில் 25 நாள் நாற்றை நட்டால், நட்ட 15ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ 45ஆம் நாள் வரை ஒரு மாதம் நல்ல வாய்ப்பு. பூக்கும் காலம் தாண்டியதும், அறுவடைக்கு முன் தண்ணீரை வடிக்கும் வரை மறுபடி தொடரலாம். யூரியா போடுவதாக இருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும்போது போட்டு, உடனே பாய்ச்சுங்கள். உரம் தண்ணீரோடு வேர்ப்பகுதிக்கு இறங்கும்.

எல்லா வயலுக்கும் இது ஒத்துவராது. மணற்பாங்கான நிலத்தில் இரண்டே நாளில் குழாய் வறண்டுவிடும். அங்கே இடைவெளி கிடைக்காது. உப்பு ஏறிய நிலத்தில் நிற்கும் தண்ணீர்தான் உப்பை அடக்கி வைக்கிறது. அங்கே காயவிடுவது ஆபத்து. கனத்த களிமண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு வந்தால் கெடுதலில்லை. விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டால், அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே கீழே ஓடி மிச்சமெல்லாம் வீணாகும். அத்தகைய வயலில் அரை அடி வரை காத்திருக்காமல் நான்கு அங்குலத்திலேயே பாய்ச்சுங்கள். முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் வரும் இடத்தில் நாளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல் காயவும் காயாது. மோட்டார் நீரில் செய்யும் குறுவைக்கும் நவரைக்கும்தான் இது நன்றாகப் பொருந்தும்.

முதல் முறை எல்லா வயலிலும் செய்ய வேண்டாம். ஒரு வயலில் மட்டும் இரண்டு இடத்தில் குழாய் வையுங்கள். பக்கத்து வயலை வழக்கம்போல விடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். காற்றுப் புகாமல் தொடர்ந்து தண்ணீர் கட்டிய வயலில் வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசக்கூடும். காய விட்ட வயலில் வேர் வெளுத்தும் பழுப்பேறியும் உறுதியாக இருந்தால், சேறு தெரிந்த அந்த நாட்களில் பயிர் தவிக்கவில்லை என்று உங்கள் கையே சொல்லிவிடும்.