500 சொற்கள் எங்கே போய்விடுகின்றன?

கூகுள் தேடலில் நம் தளம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று தினமும் பார்த்துச் சொல்லும் கருவிகள் பல உண்டு. அவற்றின் சந்தாவில் '500 கீவேர்டு' என்று போட்டிருந்தால் 500 சொற்களைக் கண்காணிக்கலாம் என்றே நினைப்போம். பெரும்பாலும் கணக்கு அப்படிப் போவதில்லை.

பவானி ஜமக்காளம் விற்கும் ஒரு சிறிய இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். கண்காணிக்க 60 சொற்கள். சென்னை, கோவை, பெங்களூரு மூன்று ஊர்களிலும், மொபைல், கம்ப்யூட்டர் இரண்டிலும் பார்க்கச் சொல்கிறார் உரிமையாளர். பல கருவிகள் ஒவ்வொரு சேர்க்கையையும் தனியாக எண்ணும். 60 சொற்கள் 360 ஆகிவிடும். தீபாவளிக்காக இன்னும் 25 சொற்களைச் சேர்த்தால் 510. வரம்பு தாண்டிவிட்டது, அடுத்த திட்டத்துக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வரும்.

கருவிக்காரர்களுக்கும் இதில் உண்மையான செலவு இருக்கிறது. ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனித் தேடல். முன்பு கூகுள் முகவரியில் `num=100` சேர்த்தால் 100 முடிவுகள் ஒரே பக்கத்தில் வரும். 2025 செப்டம்பரில் அது வேலை செய்யாமல் போனது. அதே 100 முடிவுகளைப் பார்க்க இப்போது பத்துப் பக்கம் புரட்ட வேண்டும்.

ஆகவே முதலில் இலவசமான கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, வாடிக்கையாளர்கள் எதிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் மொபைல் என்றால் கம்ப்யூட்டரை எடுத்துவிடலாம், 360 பாதியாகும். நாடு முழுக்க பார்சல் அனுப்பும் கடைக்கு எல்லாச் சொற்களையும் ஊர்வாரியாகப் பார்க்கும் தேவையும் இல்லை. 60 சொற்களை ஓர் ஊரில் வைத்து, 'கடை அருகில்' போன்ற பத்தை மட்டும் மற்ற இரண்டு ஊர்களிலும் பார்த்தால் 80-இல் முடிந்துவிடும்.

தளத்தை அலசும் வரம்பு வேறு விதமாகக் கரையும். கடையில் 300 பொருள்கள்தான். ஆனால் நிறம், அளவு, விலை வரிசை என்று வடிகட்டும் ஒவ்வொரு முறையும் `?color=red&sort=price` போல ஒரு புது முகவரி பிறக்கும். கருவி அதையும் ஒரு பக்கமாக எண்ணும். அறிக்கையில் பக்கங்களின் எண்ணிக்கை சரியாக 1,000 என்று, உங்கள் திட்டத்தின் உச்சவரம்பிலேயே நின்றிருந்தால் சந்தேகப்படுங்கள். பல பொருள்களின் பக்கங்களை அது தொட்டே இருக்காது. `?` உள்ள முகவரிகளை விலக்கச் சொல்லலாம். ஆனால் `?page=2`-உம் சேர்ந்து போகும், அதற்குப் பின்னால் உள்ள பொருள்கள் கண்ணில் படாது. எனவே `sitemap.xml` கோப்பைக் கொடுத்து, அதிலுள்ள பக்கங்களை மட்டும் பார்க்கச் சொல்வதே நல்லது.

அறிக்கைத் தரவிறக்கத்தில் சர்ச் கன்சோலுக்கே வரம்பு உண்டு: ஓர் அட்டவணையில் 1,000 வரிகள், 16 மாதத் தரவு. பொருள் வகைவாரியாக வடிகட்டித் தனித்தனியாக இறக்கினால் கூடுதலாகக் கிடைக்கும். காசு கட்டும் கருவியிலும் மாதாமாதம் தரவிறக்கி வையுங்கள். சந்தாவை நிறுத்தினால் பழைய இடவரிசை வரலாறு கைக்குக் கிடைக்காமல் போகலாம்.