44.1 ஏன் 48 ஆகிறது?

டைடலில் ஓடுவது 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு. யுஎஸ்பி ஒயரில் இணைத்த டிஏசி-யின் திரையோ 48 என்று காட்டுகிறது. நடுவில் கைவைத்தது விண்டோஸ். பாட்டு, மெயில் மணி, பிரவுசர் வீடியோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டியிருப்பதால், தனக்குக் குறித்திருக்கும் ஒரே வேகத்துக்கு அனைத்தையும் அது மாற்றிவிடுகிறது.

டைடல் செயலியில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, உங்கள் டிஏசி-யைத் தேர்ந்தெடுத்து, Use Exclusive Mode என்பதை இயக்குங்கள். கலக்கும் இடத்தைத் தாண்டி ஒலி நேரே டிஏசி-க்குப் போகும். அதுவரை மற்ற செயலிகளின் சத்தம் அதில் வராது. செயலியின் வால்யூமை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். செயலியில் குறைத்தாலும் எண்கள் மாறிவிடும்.

அடுத்து 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டு ஒன்றைப் போடுங்கள். திரையும் 96-க்கு மாறினால் வேலை சரி. பலருக்குக் காதில் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்துவிடுவதே நல்லது.