புரோஷருக்கு விலை கேட்பது எப்படி?

“மூன்றாக மடிக்கிற ஏ4 புரோஷர், 2,000 பிரதி, என்ன விலை ஆகும்?” என்று மூன்று அச்சகங்களில் கேட்டால் மூன்று விலை வரும். ஒருவர் 130 ஜிஎஸ்எம் தாளுக்குக் கணக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் 170க்கு. மடிப்புக் கூலியை ஒருவர் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். எனவே எல்லோருக்கும் ஒரே விவரத்தை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். உதாரணமாக:

“விரித்த அளவு ஏ4, இரண்டு மடிப்பு. 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர். இருபுறமும் நான்கு கலர். லேமினேஷன் வேண்டாம். 1,000, 2,000, 5,000 பிரதிகளுக்குத் தனித்தனி விலை தரவும். பிளேட், மடிப்பு, டெலிவரி, வரி ஆகியவற்றைத் தனியே காட்டவும்.”

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 170 ஜிஎஸ்எம் தாளில் அச்சான பத்துப் புரோஷர்களின் எடை சுமார் 106 கிராம் இருக்கும். 130 ஆக இருந்தால் 81 கிராம்தான். சொன்ன தாள்தானா என்று சந்தேகம் வந்தால், சிறிய எடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று எண்ணிக்கைக்கு விலை கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆஃப்செட் முறையில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட் தேவை. அவற்றை மாட்டி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். ஆயிரம் அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் இந்த ஆரம்பச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு கூடுவது பெரும்பாலும் தாளும் மையும் ஓட்டுகூலியும். அதனால் எண்ணிக்கை இரட்டித்தாலும் விலை இரட்டிக்காது.

புரூஃப் பற்றியும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். முதலில் பிடிஎஃப் வரட்டும்: எழுத்துப்பிழை, தொலைபேசி எண், விலாசம் எல்லாவற்றையும் அதில் பாருங்கள். திரையில் தெரியும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பளிச்சென்ற பச்சையும் நீலமும் தாளில் மங்கிப்போகும். அடுத்து, அச்சிட்டு மடித்த ஒரு கலர் புரூஃப் கேளுங்கள். உள்ளே மடியும் பக்கம் மற்ற இரண்டையும்விட ஓரிரு மில்லிமீட்டர் குறுகலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு முட்டிக்கொண்டு வளையும். பின்பக்கம் தலைகீழாக அமைந்திருந்தாலும் மடித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

“கையெழுத்திட்ட புரூஃப் வந்த பிறகே பிளேட் போடவும்” என்று ஒரு வரி சேருங்கள். ஒப்புதலுக்குப் பின் நீங்கள் ஒரு எழுத்தை மாற்றினாலும் புதுப் பிளேட்டின் செலவு உங்களுடையது. புரூஃபில் சரியாக இருந்தது அச்சில் மாறி வந்தால், மறுபடி அடித்துத் தருவது அச்சகத்தின் பொறுப்பு என்பதையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.