கரண்ட் போன பிறகு டிஸ்க்கில் என்ன நடக்கிறது?

லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. யு.பி.எஸ். இல்லை. திரும்ப வந்ததும் ஆன் செய்தால் பெரும்பாலும் திரையில் இப்படி இரண்டு வரிகள் ஓடி மறையும்:

```
/dev/sda2: recovering journal
/dev/sda2: clean, 214365/3276800 files, 4821190/13107200 blocks
```

சில நொடிகளில் எல்லாம் வழக்கம்போல வந்துவிடும். இந்தச் சில நொடிகளில் டிஸ்க் முழுவதையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கு நேரமும் போதாது. அப்படியிருக்க, 'clean' என்று எதை நம்பிச் சொல்கிறது? அந்த நம்பிக்கை எந்த இடத்தில் பொய்த்துப்போகும்? லினக்ஸில் மிகப் பரவலாக இருக்கும் ext4 ஃபைல் சிஸ்டத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

ஒரு புதிய ஃபைலை சேவ் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒரே வேலை. ஆனால் டிஸ்க்கில் வெவ்வேறு இடங்களில் ஐந்தாறு மாற்றங்கள் நடந்தாக வேண்டும். ஃபைலின் அளவு, உரிமையாளர், எந்தெந்த பிளாக்குகளில் அது இருக்கிறது ஆகிய விவரங்கள் எல்லாம் ஐநோடு என்ற சிறு பதிவில் ஏற வேண்டும். அந்த ஐநோடு இனி காலியில்லை என்று ஒரு பிட்மேப்பில் குறிக்க வேண்டும். ஃபைலின் உள்ளடக்கம் இருக்கும் பிளாக்குகளும் காலியில்லை என்று இன்னொரு பிட்மேப்பில் குறிக்க வேண்டும். ஃபோல்டரில் ஃபைலின் பெயரை எழுத வேண்டும். கடைசியாக, உள்ளடக்கத்தையே எழுத வேண்டும். டிஸ்க்கால் இத்தனையையும் ஒரே கணத்தில் எழுத முடியாது.

நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது, எது எழுதப்பட்டது, எது விடுபட்டது என்பதைப் பொறுத்தது. பிட்மேப் மட்டும் எழுதப்பட்டு ஐநோடு விடுபட்டால், கொஞ்சம் இடம் யாருக்கும் பயன்படாமல் வீணாகும், அவ்வளவுதான். ஃபோல்டரில் பெயர் ஏறி ஐநோடு ஏறாவிட்டால், ஒன்றுமில்லாததைச் சுட்டும் பெயர் ஒன்று மிஞ்சும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. ஐநோடு எழுதப்பட்டு, பிளாக் பிட்மேப் விடுபட்டுவிட்டது. அந்த பிளாக் இன்னும் காலி என்றே ஃபைல் சிஸ்டம் நினைக்கும். நாளைக்கு வேறொரு ஃபைலுக்கு அதே பிளாக்கைக் கொடுத்துவிடும். அதன்பின் ஒரு ஃபைலைத் திருத்தினால் இன்னொன்று கெடும். கரண்ட் போய் ஒரு மாதம் கழித்துக்கூட இந்தச் சேதம் வெளிப்படலாம்.

ஜர்னல் இல்லாத ext2 காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாத ஒவ்வொரு முறையும் fsck ஓடி, டிஸ்க்கின் எல்லா ஐநோடுகளையும் எல்லா ஃபோல்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அந்தக் காத்திருப்பும் நீண்டது. ext2-க்கு ஜர்னல் சேர்க்கும் வடிவமைப்பை ஸ்டீபன் ட்வீடி 1998-ல் முன்வைத்தார். அது ext3 என்ற பெயரில் 2001-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. இன்றைய ext4-ம் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

கடைக்காரர் வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதி, பிறகு ஓய்வாகப் பேரேட்டில் ஏற்றுவது போன்றதே இதன் வேலை. டிஸ்க்கின் ஒரு பகுதி ஜர்னலுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன மாற்றங்களில் உள்ளடக்கத்தைத் தவிர வேறு எதுவும் நேராக அதனதன் இடத்துக்குப் போவதில்லை. வழக்கமாக 5 நொடிகளுக்கு ஒருமுறை, அதுவரை சேர்ந்த மாற்றங்கள் ஒரு தொகுப்பாகக் கட்டப்படுகின்றன. முதலில், இந்தத் தொகுப்பில் வரும் பிளாக்குகள் எங்கெங்கே போக வேண்டியவை என்ற பட்டியல் ஜர்னலில் எழுதப்படுகிறது. அடுத்து அந்த பிளாக்குகளின் முழு நகல்கள். எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகே, 'இந்தத் தொகுப்பு முடிந்தது' என்று சொல்லும் கமிட் பிளாக் எழுதப்படுகிறது. மாற்றங்கள் அதனதன் சொந்த இடத்துக்குப் போவது இதற்கு அப்புறம்தான். அவை போய்ச் சேர்ந்த பிறகு ஜர்னலில் அந்த இடம் அடுத்த தொகுப்புக்காக விடுவிக்கப்படும்.

இனி கரண்ட் எப்போது போனாலும் இரண்டே நிலைகள்தான். கமிட் பிளாக் எழுதப்படவில்லை என்றால் அந்தத் தொகுப்பு நடக்கவே இல்லை என்று கணக்கு. சொந்த இடங்களில் எதுவும் தொடப்படாததால் பழைய நிலை அப்படியே இருக்கும். கமிட் பிளாக் இருந்தால், தேவையானது எல்லாம் ஜர்னலிலேயே இருக்கிறது. மீண்டும் பூட் ஆகும்போது தொகுப்புகளை வரிசை எண்படி படித்து, நகல்களை அதனதன் இடத்தில் எழுதிவிட்டால் போதும். அந்த 'recovering journal' வரி சொல்வது இந்த வேலையைத்தான். ஜர்னலில் இருப்பது முழு பிளாக்கின் நகல் என்பதால், சொந்த இடத்தில் பாதி எழுதி நின்றுபோன பிளாக்கும் முழுதாக மேலெழுதப்பட்டுச் சரியாகிவிடும். இந்த மீட்பு நடக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் கவலையில்லை. அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். அதே நகலை எத்தனை முறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான்.

சில சமயம் இடையில் 'Clearing orphaned inode' என்று வரிகள் வரும். பார்த்தவுடன் ஃபைல்கள் அழிகின்றனவோ என்று பதறத் தோன்றும். பெரும்பாலும் அவை ஏதோ ஒரு ப்ரோகிராம் திறந்து வைத்தபடியே நீக்கிவிட்ட தற்காலிக ஃபைல்கள். ப்ரோகிராம் முடிந்ததும் போயிருக்க வேண்டியவை, கரண்ட் போனதால் தங்கிவிட்டன.

வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை மட்டுமே. நீங்கள் தட்டச்சு செய்த எழுத்து அதற்குள் போவதில்லை. சேவ் செய்த பிறகும் உள்ளடக்கம் அரை நிமிடம் வரை மெமரியிலேயே காத்திருக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் ஃபைல் பெயர் இருக்கும், அளவு சைபராக இருக்கும், ஃபைல் சிஸ்டமோ முழு ஆரோக்கியத்துடன் இருக்கும். ext4 புதிதாகப் பரவிய 2009-ல் இப்படிக் காலியான ஃபைல்களைக் கண்டு பலர் கொதித்தார்கள். பழைய ஃபைலின் மேல் புதியதை மாற்றி வைக்கும் வழக்கமான முறைகளைக் கெர்னலே கண்டுகொண்டு, உள்ளடக்கத்தை உடனே எழுதும்படி பிறகு மாற்றினார்கள். என்றாலும் முறையான தீர்வு, ப்ரோகிராம் `fsync` என்ற அழைப்பின் மூலம் 'இதை இப்போதே டிஸ்க்கில் இறக்கு' என்று கேட்பதுதான். நல்ல டேட்டாபேஸ்கள் அதைச் செய்கின்றன. இப்படிப் போன எழுத்தை எந்த fsck-ம் திருப்பித் தராது, ஏனென்றால் அது டிஸ்க்குக்கு வரவே இல்லை.

அப்படியானால் fsck எப்போது வேண்டும்? ஜர்னல் தான் எழுதிக்கொண்டிருந்ததை மட்டும் முடித்து வைக்கும், டிஸ்க்கின் மற்ற பகுதிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பூட் ஆகும்போது ஓடும் fsck-ம், ஜர்னலை மீட்டபின், பிழை எதுவும் பதிவாகாத ஃபைல் சிஸ்டத்தை clean என்று ஏற்றுக்கொண்டு வெளியே வந்துவிடும். இத்தனை முறை மவுன்ட் ஆனால் முழுச் சோதனை என்று முன்பு இருந்த ஏற்பாடும் இப்போது உருவாக்கப்படும் ext4-ல் பொதுவாக அணைத்தே இருக்கிறது. ஆகவே கரண்ட் போனது மட்டுமே முழுச் சோதனைக்குக் காரணமல்ல. வேறு ஏதாவது கெட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கெடுவதற்கு வழிகள் உண்டு. டிஸ்க்குக்குள் ஒரு சிறு கேஷ் மெமரி இருக்கிறது. அதில் இருப்பதை நிரந்தரமாக இறக்கிவிடு என்று கெர்னல் கேட்கும், இறக்கியாயிற்று என்று டிஸ்க் பதில் சொல்லும். அந்தப் பதிலை நம்பித்தான் ஜர்னலின் இடம் விடுவிக்கப்படுகிறது. தரமில்லாத சில டிஸ்க்குகளும் யு.எஸ்.பி. இணைப்புகளும் இறக்காமலேயே ஆயிற்று என்று சொல்லிவிடும். அந்த நேரம் கரண்ட் போனால், சொந்த இடத்திலும் புதியது இல்லை, ஜர்னலிலும் நகல் இல்லை. இது போக, பேட் செக்டார், பழுதான ரேம், கெர்னலில் உள்ள பிழை ஆகியவற்றுக்கும் ஜர்னலிடம் மருந்தில்லை. தப்பான பிளாக் ஒன்று ஜர்னல் வழியாக வந்தால், அதையும் அதே ஒழுங்கோடு எழுதி வைக்கும்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? கெர்னல் ஒரு முரண்பாட்டைக் கண்டால் `dmesg`-ல் 'EXT4-fs error' என்று எழுதும். உபுண்டு போன்றவற்றில் ரூட் பார்ட்டிஷன் அப்போதே படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாறும். எதையும் சேவ் செய்ய முடியவில்லை, 'Read-only file system' என்று வருகிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும். பிழை நடந்தது ஃபைல் சிஸ்டத்திலும் பதிவாகும்:

```
sudo dumpe2fs -h /dev/sda2 | grep -iE 'state|error'
```

'clean with errors' என்றோ, 'FS Error count' என்ற வரியோ வந்தால் முழுச் சோதனை தேவை. பூட் ஆகாமலே நின்று 'UNEXPECTED INCONSISTENCY; RUN fsck MANUALLY' என்று கேட்டாலும் அப்படியே. தானாகத் திருத்தினால் ஏதாவது இழப்பு வரலாம் என்று தோன்றும் இடத்தில்தான் அது மனிதரைக் கூப்பிடுகிறது.

சோதனைக்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். `dmesg`-ல் 'I/O error' வரிகளும் இருந்தால் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். அதன்மேல் fsck ஓட்டினால் எழுதுகிற வேலை கூடி, மிச்சமிருப்பதும் போகும். முதலில் `ddrescue` கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகலின் மீது ஓட்டுவதே சரி. இரண்டாவது, பார்ட்டிஷன் மவுன்ட் ஆகியிருக்கக் கூடாது. கெர்னல் ஒரு பக்கம் எழுத, fsck இன்னொரு பக்கம் எழுதினால் நல்ல டிஸ்க்கும் கெட்டுவிடும். ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யு.எஸ்.பி.-யில் பூட் செய்துகொள்ளலாம், அல்லது பூட் வரியில் `fsck.mode=force` சேர்க்கலாம்.

```
sudo umount /dev/sda2
sudo e2fsck -f /dev/sda2
```

clean என்று குறித்திருந்தாலும் முழுதும் பார் என்பதே `-f`. எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் `-n` உண்டு. ஆனால் கரண்ட் போன கையோடு அதை ஓட்டினால் ஜர்னலை மீட்காமல் பார்ப்பதால் இல்லாத பிழைகளையும் காட்டும். முதலில் ஜர்னல் மீளட்டும். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' சொல்லும் `-y`-ஐ, நகல் கையில் இருந்தால் மட்டுமே பயன்படுத்துவேன். ஐந்து கட்டமாக ஓடி முடிந்ததும், பெயரை இழந்த ஃபைல்கள் `lost+found` ஃபோல்டரில் `#131085` போன்ற எண்களோடு கிடக்கும். `file` என்ற கட்டளை அவற்றின் உள்ளடக்கத்தைப் பார்த்து, இது படம், இது பி.டி.எஃப். என்று சொல்லும். பழைய பெயரைத் திரும்ப வைப்பது உங்கள் வேலை.